9.77 என்று எழுதினால் மதிப்பெண் குறையுமா?

இளநிலை அறிவியல் முதலாண்டில் சேரும் மாணவருக்கு ஆய்வகத்தில் இரண்டு நோட்டுகள் உண்டு. சோதனை நடக்கும்போதே அளவுகளைக் குறித்துக்கொள்ள அப்சர்வேஷன் நோட்டு. பிறகு வீட்டிலோ விடுதியிலோ உட்கார்ந்து, வலப்பக்கம் எழுத்தும் இடப்பக்கம் பென்சில் படமுமாக நிரப்பிக் கையெழுத்து வாங்க ரெக்கார்டு நோட்டு. நோக்கம், தேவையான கருவிகள், தத்துவம், செய்முறை, அட்டவணை, முடிவு என்ற தலைப்புகள் எல்லாக் கல்லூரியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல வரிசை, அதை மாற்றவேண்டிய தேவை எதுவும் இல்லை. சிக்கல் அந்தத் தலைப்புகளில் இரண்டின் கீழ் என்ன எழுதப்படுகிறது என்பதில்தான். செய்முறை, மேனுவலில் இருப்பதை வரி மாறாமல் பார்த்தெழுதுவதாக இருக்கிறது. முடிவோ ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது: “புவியீர்ப்பு முடுக்கம் = 9.8 மீ/வி².”

முதலாண்டு மாணவர் ஒருவர் அறிக்கை எழுதக் கற்றுக்கொள்வதென்றால் பெரும்பாலும் இந்த இரண்டு பகுதிகளையும் எழுதக் கற்றுக்கொள்வதுதான். எல்லாருக்கும் தெரிந்த ஒரு சோதனையை வைத்தே பார்க்கலாம். நூலில் ஒரு பித்தளைக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது ஆடும் நேரத்தை அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் தனி ஊசல் சோதனை. பள்ளியிலேயே செய்திருப்பார்கள். சூத்திரமும் எளிது:

g = 4π²l / T²

இதில் l என்பது ஊசலின் நீளம், T என்பது ஒரு முழு அலைவுக்கு ஆகும் நேரம். அளக்கவேண்டியவை இரண்டே இரண்டு என்பதால், எழுத்தில் எங்கே ஓட்டை விழுகிறது என்பது இதில் பளிச்சென்று தெரியும்.

பெரும்பாலான ரெக்கார்டுகளில் செய்முறை இப்படி இருக்கும்: “ஊசல் குண்டு நூலில் கட்டப்பட்டுத் தாங்கியில் தொங்கவிடப்படுகிறது. நீளம் அளவிடப்படுகிறது. குண்டு சிறிது விலக்கப்பட்டு அலையவிடப்படுகிறது. 20 அலைவுகளுக்கான நேரம் குறிக்கப்படுகிறது. சோதனை வெவ்வேறு நீளங்களுக்குச் செய்யப்படுகிறது.” இதில் தவறான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு இன்னொருவர் அதே சோதனையைச் செய்யப்போனால் முதல் நிமிடத்திலேயே கேள்விகள் எழும். நீளத்தை எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள்? ‘சிறிது’ என்றால் எத்தனை சென்டிமீட்டர்? கடிகாரத்தை எந்தக் கணத்தில் இயக்கினீர்கள்? ஒவ்வொரு நீளத்துக்கும் எத்தனை முறை எடுத்தீர்கள்? இந்தக் கேள்விகளுக்கான விடைகள்தான் செய்முறை. மேனுவல் ‘இப்படிச் செய்’ என்று சொல்வது. அறிக்கை ‘இப்படிச் செய்தோம்’ என்று சொல்லவேண்டியது. அதனால் இறந்தகாலத்தில் எழுதச் சொல்வது நல்லது. ‘அளவிடப்படுகிறது’ என்பதை யாரும் பார்த்தெழுதிவிடலாம். ‘அளந்தோம்’ என்று எழுதக் கை போகும்போது, உண்மையில் எப்படி அளந்தோம் என்ற நினைவு கூடவே வரும்.

அதே சோதனையின் செய்முறையைக் கீழே உள்ளபடி எழுதலாம்:

“பித்தளைக் குண்டின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் மூன்று இடங்களில் அளந்தோம். நூலின் ஒரு முனையைக் குண்டில் கட்டி, மறுமுனையை இரண்டாகப் பிளந்த கார்க்கின் நடுவே வைத்துத் தாங்கியில் இறுக்கினோம். கார்க்கின் அடிவிளிம்பிலிருந்து குண்டின் மேற்புறம் வரை மீட்டர் அளவுகோலால் அளந்து, அதனுடன் குண்டின் ஆரத்தைக் கூட்டி ஊசலின் நீளமாக எடுத்துக்கொண்டோம். ஊசல் ஓய்ந்து நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் ஓர் அட்டையில் செங்குத்தாகக் கோடு வரைந்து வைத்தோம். குண்டை 8 செ.மீ. விலக்கி, தள்ளாமல் விட்டோம். சில அலைவுகள் போனபின், குண்டு இடமிருந்து வலமாகக் கோட்டைக் கடக்கும்போது ‘பூஜ்யம்’ என்று சொல்லி ஸ்டாப் வாட்சை இயக்கினோம். அதே திசையில் 20ஆவது முறை கடந்தபோது நிறுத்தினோம். ஒவ்வொரு நீளத்துக்கும் மூன்று முறை நேரம் எடுத்தோம்.”

இது முந்தையதைவிட நீளம்தான். ஆனால் கூடியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் விடையை நேரடியாகப் பாதிக்கக்கூடியது. அந்தப் ‘பூஜ்யம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தை இயக்கும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குவது முதலாண்டு ஆய்வகங்களில் மிகச் சாதாரணமாக நடப்பது. அப்படித் தொடங்கி ‘இருபது’ என்னும்போது நிறுத்தினால் நடந்திருப்பது 19 அலைவுதான். அந்த நேரத்தை 20ஆல் வகுத்தால் அலைவு நேரம் 5 சதவீதம் குறையும். சூத்திரத்தில் அது வர்க்கமாக இருப்பதால் விடை சுமார் 11 சதவீதம் ஏறி 10.8 என்று வந்து நிற்கும். எண்ணத் தொடங்கிய விதம் செய்முறையில் எழுதப்பட்டிருந்தால், 10.8 ஏன் வந்தது என்பதைத் திருத்துபவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். எழுதாவிட்டால் மாணவருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது.

விலக்கும் தூரமும் அப்படித்தான். ஒரு மீட்டர் ஊசலை 8 செ.மீ. விலக்கினால் கோணம் 5 டிகிரிக்கும் குறைவு. மேலே உள்ள சூத்திரம் அந்த மாதிரிச் சிறிய கோணங்களுக்குத்தான் சரியாக வரும். 30 டிகிரி வரை இழுத்துவிட்டால் அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடி, விடை 9.45க்கு இறங்கிவிடும். ஆகவே ‘சிறிது விலக்கி’ என்பதற்கு அறிக்கையில் இடமில்லை.

நடுக்கோட்டில் ஏன் எண்ணவேண்டும் என்றும் சொல்லவேண்டும். குண்டு ஓரத்துக்குப் போகும்போது வேகம் தணிந்து ஒரு கணம் நிற்கிறது. அது சரியாக எப்போது நின்றது என்று கண்ணால் பிடிப்பது கடினம். நடுவில்தான் அதன் வேகம் மிக அதிகம், அதனால் கோட்டைக் கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். இந்தக் காரணத்தை ஒரு வரியில் செய்முறையிலேயே சேர்த்து எழுதுபவர் சோதனையைப் புரிந்துகொண்டு செய்திருக்கிறார் என்று நம்பலாம்.

அட்டவணை, வரைபடம் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. அதை நம் மாணவர்கள் நன்றாகவே போடுகிறார்கள். அலகை நெடுவரிசையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், எடுத்த எல்லா அளவுகளையும் காட்டுங்கள், அது போதும்.

இனி முடிவு. ஒரு மீட்டர் நீளத்துக்கு மூன்று முறை எடுத்த 20 அலைவு நேரங்கள் 40.13, 40.31, 40.18 விநாடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 40.21, ஒரு அலைவுக்கு 2.010 விநாடி. சூத்திரத்தில் போட்டால் 9.77 வருகிறது. இங்கேதான் பலரும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் புத்தகத்தில் உள்ள 9.8 வரவில்லையே என்று அட்டவணைக்குத் திரும்பிப் போய், நேரத்தில் கொஞ்சம் தட்டிக்கொட்டிச் சரிசெய்கிறார்கள்.

செய்யவேண்டியது வேறு. இந்த 9.77 எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று முதலில் கேட்கவேண்டும். ஸ்டாப் வாட்ச் விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிறது. ஆனால் பொத்தானை அழுத்தும் விரலுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று 0.18 விநாடி வரை விலகியிருப்பதே அதற்குச் சாட்சி. அதில் பாதியை, அதாவது சுமார் 0.1 விநாடியை, நேரத்தின் பிழையாக எடுத்துக்கொள்ளலாம். 40 விநாடியில் அது 0.25 சதவீதம். நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் அது இரட்டித்து 0.5 சதவீதமாகும். ஒரே ஒரு அலைவை மட்டும் அளந்திருந்தால் இதே 0.1 விநாடி விடையில் 10 சதவீதப் பிழையாகியிருக்கும். 20 அலைவுகள் எடுப்பதற்குக் காரணமே இதுதான். நீளத்தில், கார்க்கின் விளிம்பையும் குண்டின் மேற்புறத்தையும் கண்ணால் பார்த்து அளக்கும்போது 2 மி.மீ. முன்பின்னாகலாம், அது 0.2 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 0.7 சதவீதம். 9.77இல் அது 0.07. பிழைகளைச் சேர்க்க இன்னும் நுட்பமான வழி உண்டு, ஆனால் முதலாண்டுக்கு இந்தக் கூட்டல் போதும்.

இப்போது முடிவை எழுதலாம்:

“புவியீர்ப்பு முடுக்கம் 9.77 ± 0.07 மீ/வி² என்று கண்டோம். சென்னைப் பகுதிக்குரிய 9.78 இந்த எல்லைக்குள் அடங்குகிறது. மொத்தப் பிழையில் பெரும்பங்கு, 0.5 சதவீதம், நேர அளவீட்டில் வருவது. 100 அலைவுகள் எடுத்தால் அது 0.1 சதவீதமாகக் குறையும். அதன்பின் நீளத்தின் 0.2 சதவீதமே பெரிதாக நிற்கும் என்பதால், நீளத்தையும் 2 மி.மீ.க்குப் பதில் அரை மி.மீ. துல்லியத்தில் அளக்கவேண்டியிருக்கும்.”

ஐந்தே வாக்கியங்கள். விடை, அதன் எல்லை, ஒப்பீடு, பிழை எங்கிருந்து வருகிறது, அடுத்த முறை எதை மாற்றவேண்டும் என்ற எல்லாமே அதில் இருக்கின்றன.

சென்னைக்கு 9.78 என்பதைக் கவனித்திருப்பீர்கள். புவியீர்ப்பு முடுக்கம் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டில் சுமார் 9.78, துருவங்களில் சுமார் 9.83. பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும் 9.81 லண்டன் போன்ற இடங்களுக்குத்தான் பொருந்தும். தமிழ்நாட்டில் சோதனை செய்துவிட்டு 9.81 வரவில்லை என்று வருந்தும் மாணவர் தம் ஊருக்கே உரியதல்லாத எண்ணைத் துரத்திக்கொண்டிருக்கிறார். மேலே உள்ள முடிவில் இன்னொன்றும் இருக்கிறது: 9.77 ± 0.07 என்ற எல்லைக்குள் 9.81உம் அடங்குகிறது. அதாவது இந்தச் சோதனையால் சென்னையையும் லண்டனையும் பிரித்தறிய முடியாது. அதையும் ஒளிக்காமல் முடிவில் எழுதலாம். தம் அளவீடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்தவர் எழுதும் வரி அது.

இந்த ஊர் வேறுபாடு தெரியவந்ததே ஒருவர் தம் ஊசல் ‘சரியாக’ ஆடவில்லை என்பதை உள்ளபடி எழுதிவைத்ததால்தான். 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென்னமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேன் தீவுக்குப் போனார். பாரிஸில் விநாடிக்கு ஒருமுறை துடிக்கும்படி அமைத்த ஊசல் அங்கே மெதுவாக ஆடியது. விநாடி சரியாக வர ஊசலை 3 மி.மீ.க்கும் சற்றுக் குறைவாகச் சுருக்கவேண்டியிருந்தது. ஒரு மீட்டர் நீளத்தில் அந்த வித்தியாசம் எத்தனை சிறியது என்று யோசித்துப் பாருங்கள். ரிஷே அதை அளவுப் பிழை என்று ஒதுக்கவில்லை. பல மாதங்கள் திரும்பத் திரும்பப் பார்த்து, அறிக்கையில் சேர்த்தார். பூமி சரியான கோளமல்ல, நடுவில் புடைத்தது என்ற தம் வாதத்துக்கு நியூட்டன் அந்த அளவைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்.

முடிவுப் பகுதியில் ஆகாத வரிகள் இரண்டு உண்டு. ஒன்று ‘மனிதப் பிழையால் விடை மாறியது’. எந்த மனிதர், எந்தப் பிழை, விடையைக் கூட்டியதா குறைத்ததா என்று சொல்லாதவரை அந்த வரியில் செய்தி எதுவும் இல்லை. இன்னொன்று ‘காற்றுத் தடையால்’. பித்தளைக் குண்டைக் காற்று மேலே தாங்குவதால் விடையில் வரும் மாற்றம் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். நம் பிழை எல்லையோ பத்தாயிரத்தில் எழுபது பங்கு. தடை காரணமாக ஆட்டத்தின் வீச்சு குறையும், ஆனால் அலைவு நேரம் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. காரணம் எழுதுகிறவர் அது எந்தப் பக்கம் தள்ளும், எவ்வளவு தள்ளும் என்ற இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அப்படி எழுதும் பழக்கம் வந்தால் பிழையைக் கண்டுபிடிக்கவும் வழி பிறக்கும். ஒரு மாணவி ஐந்தாறு நீளங்களுக்கு அளவெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை கண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 50 செ.மீ.யில் 9.58, 70இல் 9.64, ஒரு மீட்டரில் 9.68. எல்லாமே குறைவு. அதோடு, நீளம் கூடக்கூட விடையும் ஏறிக்கொண்டே போகிறது. கை தவறிய பிழையாக இருந்தால் எண்கள் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். இப்படி ஒரே திசையில் போகாது. ஒவ்வொரு நீளத்திலும் ஒரே அளவு விடுபட்டிருந்தால்தான் சிறிய நீளங்களில் அதன் பாதிப்பு பெரிதாகவும், பெரிய நீளங்களில் சிறிதாகவும் தெரியும். கணக்கிட்டால் விடுபட்டது சுமார் 1 செ.மீ. என்று வருகிறது. குண்டின் ஆரம் எவ்வளவு? அதுவும் 1 செ.மீ.தான். குண்டின் மேற்புறத்தோடு அளவை நிறுத்திவிட்டு ஆரத்தைக் கூட்ட மறந்திருக்கிறார். இதை முடிவில் எழுதி, ஆரத்தைக் கூட்டித் திருத்திய விடையையும் காட்டும் அறிக்கை, முதல் முயற்சியிலேயே 9.78 கண்ட அறிக்கையைவிட ஒருபடி மேலானது என்றே நான் சொல்வேன்.

திருத்தும் முறையும் இதற்கேற்ப அமையவேண்டும். ஒரு சோதனைக்கு 20 மதிப்பெண் என்றால் நோக்கத்துக்கும் தத்துவத்துக்கும் 3, செய்முறைக்கு 6, அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் 5, முடிவுக்கு 6 என்று பிரிப்பது பொருத்தமாக இருக்கும். இந்தப் பங்கீட்டைச் சோதனைக்கு முன்பே மாணவர்களுக்குக் கொடுத்துவிடவேண்டும். எதற்கு மதிப்பெண் என்று தெரியாமல் எழுதுபவர் பக்கத்தை நிரப்பத்தான் பார்ப்பார்.

செய்முறையின் 6 மதிப்பெண்ணைப் போட ஒரே கேள்வி போதும்: இதை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த குழுவினர் இதே சோதனையைச் செய்ய முடியுமா? யாரிடமும் எதுவும் கேட்காமல் செய்ய முடிந்தால் ஆறும் கொடுக்கலாம். ஒன்றிரண்டு இடத்தில் கேட்கவேண்டியிருந்தால் நான்கு. மேனுவலின் வாசகமே திரும்பி வந்திருந்தால் ஒன்றோ இரண்டோ. முடிந்தால் நோட்டுகளைக் குழுக்களுக்குள் மாற்றிக் கொடுத்து, சந்தேகம் வரும் இடங்களில் பென்சிலால் கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். சக மாணவர் போட்ட கேள்விக்குறி, ஆசிரியரின் சிவப்பு மையைவிட நன்றாக உறைக்கும். செய்யாத ஒன்றைச் செய்ததாக எழுதியிருந்தால் மட்டும் கண்டிப்பு வேண்டும். செய்முறையில் ஆறு நீளங்கள், அட்டவணையில் நான்கு என்றால் மதிப்பெண் கட்டாயம் குறையவேண்டும்.

முடிவின் 6 மதிப்பெண்ணில் அலகோடும் பிழை எல்லையோடும் விடை எழுதியதற்கு இரண்டு, ஏற்கப்பட்ட மதிப்பு அந்த எல்லைக்குள் வருகிறதா என்று சொன்னதற்கு ஒன்று, பிழையின் காரணத்தைத் திசையோடும் அளவோடும் காட்டியதற்கு இரண்டு, அடுத்த முறை எதை மாற்றுவது என்று குறிப்பாகச் சொன்னதற்கு ஒன்று. ‘இன்னும் கவனமாகச் செய்யவேண்டும்’ என்பதற்கு அந்த ஒன்றும் இல்லை. ‘அலைவுகளை 20இலிருந்து 100 ஆக்கவேண்டும்’ என்பதற்கு உண்டு. விடை 9.78க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு இந்தப் பட்டியலில் மதிப்பெண்ணே இல்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அதற்கு மதிப்பெண் வைத்தால் மாணவர்கள் அந்த எண்ணைக் கொண்டுவந்து தருவார்கள். எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பது அட்டவணையைப் பார்த்தால் தெரியாது.

ரெக்கார்டு திருத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ரெக்கார்டோடு அப்சர்வேஷன் நோட்டையும் வாங்கிப் பாருங்கள். அதில் அடித்தல் திருத்தல் இருந்தால், ஒரு அளவின் குறுக்கே ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் ‘எண்ணிக்கை தவறியது, மறுபடி எடுத்தோம்’ என்று எழுதியிருந்தால், அழுக்கு என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அப்படி அடிப்பதும் எழுதுவதும்தான் சரியான முறை என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள்.